தோருனிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் மடல்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மீனா எழுதுவது. அத்தை எங்களுக்கும் உங்களுக்குமாகப் போலிஷ் மொழியில் எழுதிய வாழ்த்து மடலைத் தமிழில் ஆக்கி இத்துடன் அனுப்புகிறேன். படிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒரு பெயர் ஒரே வடிவில் நிற்பதே இல்லை. நம் மூத்தவள் பள்ளிப் பதிவேட்டில் கதாஜினா, வீட்டில் காஷா, அத்தைக்குக் கொஞ்சல் வந்துவிட்டால் காஷெங்கா, அதற்கும் மேலே போனால் காஷூனியா. சின்னவன் யான் என்ற பெயர் யாஷ் ஆகி, யாஷெங்கோ ஆகிவிடும். அந்த வால்களையெல்லாம் அப்படியே எழுதினால் உங்களுக்கு யார் யார் என்றே குழம்பிவிடும் என்பதால், அவை வந்த இடங்களில் கண்ணு, குட்டி, ராசா, தங்கம் என்று நம் வீட்டுச் சொற்களைப் போட்டிருக்கிறேன். மாமாவை அத்தை 'அதாஷ்' என்று கொஞ்சி அழைப்பதை மட்டும் மாற்றவில்லை; ஆச்சி தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லையே, அதற்கு நான் எந்தச் சொல்லைத் தேடுவது? உறையில் இருக்கும் வெள்ளைத் தகட்டை உடைக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். ஏன் என்பது மடலிலேயே இருக்கிறது.

தோருன், 30 நவம்பர் 2025
திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு

என் செல்ல மகன் தோமெக்கிற்கும், என் மருமகள் மீனுக்குட்டிக்கும், பேத்தி காஷாக்கண்ணுக்கும், பேரன் யாஷ் ராசாவுக்கும், திருநெல்வேலியில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பாப்ச்சா ஏவாவும் தாத்தா ஆதாமும் எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் நலம். அதாஷுக்கு முழங்கால் வலி குளிரில் கொஞ்சம் கூடியிருந்தாலும், விஸ்துலா ஆற்றங்கரை நடையை ஒரு நாளும் விடுவதில்லை. திரும்பி வரும்போது சட்டைப்பையில் எனக்குத் தெரியாமல் தேன் ரொட்டி வாங்கி வருவதையும் விடுவதில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த இஞ்சி, கிராம்பு மணம் மூக்கிலேயே தங்கிவிடும் போலிருக்கிறது.

என் காஷாக்கண்ணே, நவம்பர் 25 அன்று உன் பெயர்த் திருநாளுக்கு நான் அழைத்தபோது, தோழிகள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் "காஷெங்கா" என்று கூப்பிடாதீர்கள் பாப்ச்சா, வெட்கமாக இருக்கிறது என்று நீ மெல்லச் சொன்னாய். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது நியாயமான வேண்டுகோள்தான் என்று தாத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகையால் தோழிகள் முன்னால் நீ காஷா. வீட்டுக் கதவு சாத்தியபிறகு நீ என் கண்ணு, என் தங்கம், என் பட்டுக்குட்டி. இதில் நான் இனிமேல் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கதாஜினா என்று முழுப்பெயரை என் வாயிலிருந்து நீ கேட்டால், என்ன தவறு செய்தோம் என்று அப்போது யோசித்துக்கொள். உன் பெயரைத் தாங்கிய கதாஜின்கி தேன் ரொட்டி, ஆறு வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதில் இரண்டு டப்பா உனக்காக எடுத்து, தாத்தாவின் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.

யாஷ் குட்டி, என் சின்ன ராசா, முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாக அப்பா படம் அனுப்பினார். பல் இல்லாவிட்டாலும் பீட்ரூட் சாற்றில் மிதக்கும் உஷ்காவை விழுங்கிவிடலாம், கவலைப்படாதே. சென்ற ஆண்டு அடுப்படியில் முக்காலி மேல் ஏறி நின்று நீ மடித்தாயே, நினைவிருக்கிறதா? மாவை மெல்லியதாகத் தேய்த்து, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, நடுவில் காளான் பூரணத்தைக் கடலைப் பருப்பளவு வைத்து, முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் விரலைச் சுற்றிக் கொண்டுவந்து ஒட்டினால் காது போல ஆகிவிடும். உன் விரல் சின்னதாக இருப்பதால் நீ செய்தவை எலிக் காதாகவும், தாத்தா செய்தவை யானைக் காதாகவும் வந்தன. இந்த ஆண்டும் என் உதவிக்கு நீதான். பூரணத்தை வாயில் போட்டுக்கொள்ளும் வேலையை மட்டும் தாத்தாவிடமிருந்து கற்றுக்கொள்ளாதே, செல்லமே. பூனைக்கு இளஞ்சிவப்பு ஒப்வாதெக் தகடு வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நள்ளிரவில் விலங்குகள் பேசும் என்று சொல்வார்கள். நம் பூனை பேசினால், சோபாவைக் கீறியது யார் என்று முதலில் அதனிடம் கேட்கவேண்டும்.

தோமெக், என் கண்ணான மகனே, நாற்பத்தெட்டு வயதானாலும் நீ எனக்குத் தோமுக்குட்டிதான். இந்த ஆண்டு முதல் டிசம்பர் 24 அரசு விடுமுறை ஆகிவிட்டது என்பதால், நண்பகல் வரை அலுவலகத்தில் இருந்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன் என்ற பழைய சமாதானத்தை இனி என்னிடம் சொல்ல முடியாது. வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து 23 ஆம் தேதியே புறப்பட்டு வந்துவிடுங்கள். மீன் வாங்கப் போவது உன் வேலை. நீ சிறுவனாக இருந்தபோது கெண்டை மீன் இரண்டு நாள் குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும், நீ அதற்குப் பெயர் வைத்துவிட்டு, சமைத்தபிறகு சாப்பிட மாட்டேன் என்று அழுவாய். ஆகையால் இப்போது வெட்டிய துண்டுகளாகவே வாங்கி வா. பணப்பையில் வைத்துக்கொள்ள நான்கைந்து செதில்களை மட்டும் கேட்டு வாங்க மறந்துவிடாதே.

மீனுக்குட்டி, என் மகளே, நீ இந்த வீட்டுக்கு வந்த முதல் விகிலியாவில், அந்தக் கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில், உன்னை "ரிப்கோ", சின்ன மீனே, என்று பழக்கத்தில் கூப்பிட்டேன். இங்கே எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடுவோம், உன் பெயரே அதுதான் என்பதைப் பிறகு நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் கையால் செய்யும் பருப்பும் இந்த ஆண்டு மேசைக்கு வரவேண்டும். பன்னிரண்டு பதார்த்தம் என்பது கணக்கு. பார்ஷ்ச் என்னும் பீட்ரூட் சாறு, உஷ்கா, முட்டைக்கோஸ் காளான் பியெரோகி, ஹெர்ரிங், கெண்டை, கசகசா சுருள் ரொட்டி, உலர்பழச் சாறு என்று எண்ணிக்கொண்டே போனாலும் எனக்குப் பதினொன்றுதான் வருகிறது. அன்று மேசையில் இறைச்சி இருக்காது என்பதால் உன் பருப்பு அங்கே மிக நன்றாகப் பொருந்தும். புளிக்க வைக்கும் பீட்ரூட்டை டிசம்பர் பாதியில் பூண்டு, பிரிஞ்சி இலை சேர்த்து உப்பு நீரில் ஊறப்போடுகிறேன். அப்போதுதான் சாற்றின் புளிப்பு சரியாக இருக்கும்.

சம்பந்தி ஐயா, சம்பந்தியம்மா, இனி வருவது உங்களுக்கு. இத்துடன் அனுப்பும் மெல்லிய தகடு ஒப்வாதெக் எனப்படும். மாவும் தண்ணீரும் மட்டும் கொண்டு சுட்டது. குழந்தை இயேசு பிறந்த காட்சி அதன் மேல் பதிந்திருக்கும். இது கோயிலில் தரும் நற்கருணை அன்று, வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்வது; ஆகையால் எந்தத் தயக்கமும் இல்லாமல் உங்கள் கையில் எடுக்கலாம். முதல் விண்மீன் தெரிந்ததும் ஒவ்வொருவரும் மற்றவர் தகட்டில் ஒரு துணுக்கை உடைத்து வாயில் இட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி, அந்த ஆண்டில் மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொள்வோம். தொலைவில் இருக்கும் உறவினருக்கு இதைக் கடிதத்தில் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். எங்களுக்கு மாலை 4 மணி ஆகும்போது உங்களுக்கு இரவு 8:30 ஆகியிருக்கும். தோமெக் அந்த நேரத்தில் உங்களைக் காணொளியில் அழைப்பான்; நீங்கள் அங்கே உடையுங்கள், நாங்கள் இங்கே உடைக்கிறோம். அஞ்சலில் அது நொறுங்கி வந்து சேர்ந்தாலும் குறையில்லை.

மேசை விரிப்பின் அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பி, எதிர்பாராமல் வருபவருக்கென்று ஒரு தட்டையும் கூடுதலாக வைப்போம். 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் அறிவித்து, தொலைபேசிகளைத் துண்டித்துவிட்டார்கள். க்தான்ஸ்கில் இருந்த என் தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாமல்தான் அந்த ஆண்டு விகிலியாவுக்கு உட்கார்ந்தோம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவதற்காக அன்று இரவு மட்டும் ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். நான்கு வயதுத் தோமெக் அந்தக் காலித் தட்டைப் பார்த்து, மாமாவுக்கா என்று கேட்டான். ஜனவரியில் தணிக்கை முத்திரையோடு தம்பியின் கடிதம் வந்தபிறகுதான் என்னால் மூச்சுவிட முடிந்தது. இந்த ஆண்டு அந்தத் தட்டு உங்கள் இருவருக்கும் என்று பேரப்பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு தட்டு எப்படிப் போதும் என்று தாத்தா கேட்டதால், இரண்டு வைப்பதாக இருக்கிறோம்.

டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் பெயர்த் திருநாளும் ஆகும். திருமணம் ஆனதிலிருந்து எங்கள் இருவரின் பெயர்த் திருநாளும் கெண்டை மீனுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது என்று அதாஷ் புலம்புகிறார். ஒரே பூங்கொத்தில் வேலை முடிகிறதே என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

என் செல்லங்களே, உங்கள் எல்லோருக்கும் நோய்நொடி அண்டாத உடம்பும், குறையாத கைப்பணமும், சண்டை வந்தாலும் படுக்கப்போகும் முன் தீர்ந்துவிடும் மனமும் வேண்டும் என்று நான் வாழ்த்துகிறேன். காஷாக்கண்ணுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண்ணும், யாஷ் ராசாவுக்குப் புதுப் பற்களும், தோமுக்குட்டிக்குக் கொஞ்சம் அதிகத் தூக்கமும், மீனுக்குட்டிக்குக் கால் சில்லிடாத ஒரு குளிர்காலமும், சம்பந்தி ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டு, எல்லோரையும் நெஞ்சோடு அணைத்து,
உங்கள் பாப்ச்சா ஏவா, தாத்தா ஆதாம்

பின்குறிப்பு: மீனுக்குட்டி, உலர்ந்த காளான் இந்த ஆண்டு இங்கே கிடைப்பது சுமாராக இருக்கிறது. வ்ரோத்ஸ்வாஃப் சந்தையில் நல்லதாகப் பார்த்தால் நூறு கிராம் வாங்கி வா. விலையை அதாஷிடம் சொல்லாதே, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.