‘ஏணிப் படிப்பகம்’ பக்கத்தைத் திரும்பத் திறக்கக் கோரி

தாராவி, மும்பை 400017
12 ஜூன் 2025

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: உங்கள் தளத்தில் உள்ள eni.padippagam என்ற எங்கள் பக்கம் பொய்ப் புகாரால் ஜூன் 3 அன்று முடக்கப்பட்டது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் ஏணிப் படிப்பகத்தில் ஆறு வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கி வைக்கிற வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது. பகலில் சயானில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். படிப்பகம் மாலை 7 மணிக்குத் திறந்து 9 மணிக்கு மூடும்.

தமிழில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போவதில்லை. உங்கள் நிறுவனத்தின் விதிமுறைகளைத் தமிழிலும் படிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் இதை எழுதுகிறேன். செயலி வழியாக ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்தோம். மூன்று முறையும் வரி மாறாமல் ஒரே பதில் வந்தது. ஒரு மனிதர் படிக்க வேண்டும் என்பதற்காக இந்த முறை கடிதம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தாராவியில் ஓரறை வீட்டைக் கோலி என்போம். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மேல் கோலிக்குப் போக வெளிப்பக்கம் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும். எங்கள் படிப்பகம் அப்படி ஒரு மேல் கோலியில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருக்கிறது. ஏணிக்குப் பதினோரு படி. ஏறி வந்தால் படிக்கலாம் என்று ஒரு பையன் சொன்னது பிடித்துப்போய் அதையே பெயராக வைத்துவிட்டோம். இப்போது 1,140 புத்தகங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் தமிழ். திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தாத்தா காலத்தில் வந்து, பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளைகள்தான் எங்கள் வாசகர்கள்.

பக்கத்தை 2020 ஊரடங்கில் தொடங்கினோம். அப்போது ஏணி ஏற யாரையும் விட முடியாது. ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளுக்குத் தினம் ஒரு கதையை நாங்களே சொல்லிப் பதிவு செய்து போட்டோம். அப்புறம் அதுவே எங்கள் பதிவேடாக மாறிவிட்டது. எங்களிடம் கணினி இல்லை. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அட்டையைப் படம் எடுத்து, மூலையில் எண் எழுதிப் பக்கத்தில் போடுவோம். “அக்கா, 412 இருக்கா?” என்று செய்தி வரும். இருந்தால் எடுத்து வைப்போம். யார் எதை எடுத்துப் போனார் என்பதும் அந்தச் செய்திப் பெட்டியில்தான் இருக்கிறது. நோட்டில் எழுதாதது எங்கள் சோம்பல்தான். ஆனால் இன்றைய நிலவரம் என்னவென்றால், அலமாரியின் இடைவெளிகளை எண்ணிப் பார்த்ததில் 63 புத்தகங்கள் வெளியே இருக்கின்றன; யார் வீட்டில் என்று எங்களுக்குத் தெரியாது. சிலர் தாமாகவே கொண்டுவந்து தருகிறார்கள். மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்த வழியில்லை.

நடந்தது இதுதான். மே 5, மே 19, ஜூன் 2 ஆகிய நாள்களில் எங்கள் மூன்று பதிவுகள் மீது காப்புரிமைப் புகார் வந்ததாகச் சொல்லி ஒவ்வொன்றாக நீக்கினீர்கள். மூன்றாவது நீங்கிய மறுநாள், “தொடர் மீறல்” என்று பக்கமே போய்விட்டது. மூன்று புகாரும் ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, ஒரு பதிப்பகத்தின் பெயரில் வந்தவை. அந்தப் பெயரில் ஒரு பதிப்பகத்தைச் சென்னையில் புத்தகம் விற்கும் நண்பர்களிடம் விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயர் போட்ட ஒரு புத்தகம்கூட எங்கள் அலமாரியில் இல்லை.

முதல் பதிவு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாரதியாரின் பாப்பா பாட்டைச் சொல்லும் ஒன்றரை நிமிடக் காணொளி. பாரதியார் 1921இல் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு காப்புரிமை 60 ஆண்டுதான். அதுவும் போக, அவர் எழுத்துகளின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. பாட்டுக்கு உரிமை கேட்க யாரும் இல்லை. ஒலிப்பதிவு தங்களுடையது என்று புகாரில் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள். 38ஆவது விநாடியில் கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். பிள்ளை நிறுத்தி, விசில் முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பின்னால் சிரிப்பது நான். இப்படி ஒன்றை எந்தப் பதிப்பகம் காசு போட்டு ஒலிப்பதிவு செய்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. காணொளி போட அவள் அம்மா எழுதிக் கொடுத்த சம்மதம் இணைப்பில் உள்ளது.

இரண்டாவது, புதுப் புத்தகங்கள் 22இன் அட்டைப்படம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் எங்களுக்காக ஒருவர் வாங்கி ரயிலில் கொண்டுவந்தது. பத்து சதவீதத் தள்ளுபடி போட்ட ரசீதுகளோடு இருக்கிறது, நகல் வைத்திருக்கிறேன். உள்பக்கம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை இரவல் கொடுப்பது நகல் எடுப்பதாகாது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. எங்கள் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் பத்திரிகை ஒன்று போடுகிறார்கள். நாற்பது பக்க நோட்டு, ஸ்கெட்ச் பேனா, பெவிக்கால். ஏப்ரல் இதழின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தோம். ‘மழையில் எலி’ என்ற கதையும், அதற்கு ஐந்தாம் வகுப்புப் பையன் வரைந்த படமும். எலிக்குக் குடை பிடிக்கக் கை போதவில்லை என்று மூன்றாவது கை வரைந்திருப்பான். அந்தக் கதைக்கும் படத்துக்கும் தாங்கள்தான் உரிமையாளர் என்று அந்த முகவரிக்காரர் எழுதியிருக்கிறார். அசல் நோட்டு என் மேசையில் இருக்கிறது, என் டீ டம்ளர் வைத்த வட்டக் கறையோடு. நாங்கள் போட்ட படத்திலும் அந்தக் கறை தெரியும். பக்கம் ஏன் காணோம் என்று அவன் கேட்டபோது, “உன் எலி வேறு யாருடையதோ என்கிறார்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021இல் ஒரு தன்னார்வலர் ஒரு படக்கதைப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துப் போட்டுவிட்டார். வெளியிட்டவர்கள் செய்தி அனுப்பினார்கள். அன்று மாலையே எடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். அவர்கள் பெருந்தன்மையாக ஐந்து பிரதி அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பின் உள்பக்கம் போடுவதில்லை. தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். இந்த மூன்றில் தப்பில்லை.

உங்கள் பதிலில், “புகார் கொடுத்தவரைத் தொடர்புகொண்டு அவரைப் புகாரைத் திரும்பப் பெறச் செய்யுங்கள்” என்றிருக்கிறது. அந்த முகவரிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. பின்னால் அனுப்பிய இரண்டும் அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. இல்லாத ஆளிடம் போய் எப்படிச் சமாதானம் பேசுவது? ஏப்ரல் கடைசியில் ஒருவர், படிப்பகத்துக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன், பக்கத்தில் என் படத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்றார், வேண்டாம் என்றோம். அடுத்த வாரம் முதல் புகார். இரண்டையும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் பெயர் எழுதவில்லை. யார் என்று கண்டுபிடித்துத் தரவும் உங்களைக் கேட்கவில்லை.

எங்கள் சந்தில் சட்டம் படிக்கும் ஒரு தங்கை எடுத்துச் சொன்னதை எழுதுகிறேன். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(c)இன்படி, எழுத்துப்பூர்வமான புகார் வந்தால் 21 நாள் தடுத்து வைக்கலாம். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். முதல் புகாருக்கு அந்த 21 நாள் மே 26ஆம் தேதியோடு முடிந்தது. உத்தரவு எதுவும் வந்ததாக எங்களுக்குத் தகவல் இல்லை. அப்படியிருக்க, அந்தப் பதிவையும் கணக்கில் சேர்த்து ஜூன் 3இல் “தொடர் மீறல்” என்று எப்படிச் சொன்னீர்கள் என்பதுதான் என் கேள்வி. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், குறை கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளுக்குள் தீர்க்கச் சொல்கின்றன. இந்தக் கடிதத்தை அப்படிப்பட்ட குறையாகவே பதிந்துகொள்ளுங்கள். தீராவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவோம். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகாமல் முடிந்தால் எங்களுக்கும் நல்லது.

வேண்டுவது: பக்கத்தை, பழைய படத்தொகுப்பும் செய்திப் பெட்டியும் கலையாமல் திறந்துவிடுங்கள். மூன்று மீறல் குறிகளையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு பொய் முகவரி வந்தால் இதே கதைதான். மூன்று புகாரின் நகலும் வேண்டும். பரிசீலனைக்கு நாளாகும் என்றால், செய்திப் பெட்டியை மட்டுமாவது இறக்கிக்கொள்ள இப்போதே அனுமதி கொடுங்கள். இந்த முறை நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 16ஆம் தேதி பள்ளி திறக்கிறது. பெரிய பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுப்பது வருடா வருடம் அந்தப் பக்கத்தில்தான் நடக்கும். இன்னொன்று மழை. இந்த வருடம் மே 26ஆம் தேதியே பருவமழை மும்பைக்கு வந்துவிட்டது. தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. அன்றிரவு பக்கத்தில் தார்ப்பாய் கேட்டு எழுதினோம். மறுநாள் காலையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி இரண்டு கொண்டுவந்து ஏணியில் சாத்திவிட்டுப் போனார். இப்போது மூன்றாவது இடத்தில் ஒழுகுகிறது. கேட்க இடமில்லை. கீழ் வரிசைப் புத்தகங்களை என் வீட்டுக் கட்டிலுக்கு மேல் அடுக்கியிருக்கிறேன்.

இணைப்பு: பெற்றோர் சம்மதக் கடிதம், ரசீது நகல்கள், கையெழுத்துப் பத்திரிகையின் நான்கு பக்கங்கள், திரும்பி வந்த மின்னஞ்சல்கள், உங்கள் மூன்று பதில்கள். அசலைப் பார்க்க வேண்டுமானால் யாரையாவது அனுப்புங்கள், நோட்டைக் காட்டுகிறேன். பக்கம் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறதோ அதுதான் என் எண். கடையில் போன் எடுக்க முடியாது. மாலை ஆறரைக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செ. முத்துலட்சுமி
தன்னார்வலர், ஏணிப் படிப்பகம்