‘சாப விமோசனம்’: வகுப்பு விவாதத்துக்கான ஸ்லைடுகள்

எம்.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு. சிறுகதைத் தாள், கருத்தரங்கு.
விவாதத்தை நடத்துவது: தமிழ்மலர். இரண்டு பீரியட்.

ஸ்லைடு 1

புதுமைப்பித்தன், ‘சாப விமோசனம்’, கலைமகள், 1943

கதையைப் படித்துவிட்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு. படிக்காதவர்கள் பின்னால் உட்கார்ந்து முதல் பத்து நிமிடத்தில் கடைசி இரண்டு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். யாரையும் கேலி செய்யப்போவதில்லை.

*எனக்கான குறிப்பு:* ஆசிரியர் வாழ்க்கை வரலாறு வேண்டாம். 1906, 1948, சொ. விருத்தாசலம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நேராகக் கதைக்குள் போய்விட வேண்டும்.

ஸ்லைடு 2

கதை தொடங்கும் முன்பே ஆசிரியர் நம்மிடம் ஒன்று சொல்லிவிடுகிறார்: ராமாயணப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமல், ஏன் பிடிக்காமலும் போகலாம், அதைத் தான் பொருட்படுத்தப்போவதில்லை என்று.

கேள்வி: இது மன்னிப்பா, சவாலா? படித்தபோது உங்களுக்குக் கோபம் வந்ததா? எந்த வரியில்?

*குறிப்பு:* “வரி” என்று அழுத்திச் சொல்ல வேண்டும். “மொத்தத்தில் நன்றாக இருந்தது” என்று யாராவது ஆரம்பித்தால், பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஸ்லைடு 3: மூன்று அகலிகைகள்

வால்மீகி (பால காண்டம்): வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே இசைகிறாள். கல்லாவதில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கச் சொல்கிறது சாபம். விமோசனத்தின்போது ராமலட்சுமணர்கள்தான் அவள் பாதத்தைத் தொடுகிறார்கள்.

கம்பன் (அகலிகைப் படலம்): “உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் ‘தக்கது அன்று’ என்ன ஓராள்”. பிறகு கல். பிறகு ராமன் கால்துகள். கோதமனிடம் சேர்க்கும்போது அவள் “நெஞ்சினால் பிழைப்பு இலாள்”.

புதுமைப்பித்தன்: “சாலையிலே ஒரு கற்சிலை.” மற்ற இருவருக்கும் கதை முடிகிற இடத்தில் இவருக்குக் கதை ஆரம்பிக்கிறது.

கேள்வி: “உணர்ந்த பின்னும்” என்று எழுதிய அதே கம்பன், “நெஞ்சினால் பிழைப்பு இலாள்” என்றும் எழுதுகிறான். இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றித்தான். எப்படி?

*குறிப்பு:* இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். விடக்கூடாது. பத்து நிமிடம்தான். வால்மீகியில் கால் தொடுவது யார், கம்பனில் யார் என்பதை மட்டும் பலகையில் எழுதி வைத்துவிட வேண்டும், ஆறாவது ஸ்லைடுக்கு வேண்டும்.

ஸ்லைடு 4: சாபம் போன பிறகு

- வாயிலிருந்து ஒரு சொல் வருமுன் ஆயிரம் தடவை அதைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள்.
- எதிரே வருகிறவர்கள் எல்லாம் இந்திரனாகத் தெரிகிறார்கள்.
- சரயுக் கரைக்கு வரும் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு விலகுகிறார்கள்.
- கோதமன் அவளைக் குற்றம் சொல்வதில்லை. ஆனாலும் பேச்சு வறண்டு கிடக்கிறது.

கேள்வி: கோதமன் நல்லவன்தானே? பிறகு ஏன் இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது?

*குறிப்பு:* இந்தக் கேள்விக்கு மௌனம் வரும். வந்தால் வரட்டும், நானே நிரப்பக்கூடாது. ரொம்ப நேரம் ஆனால்: “அவன் மன்னிக்கிறான் என்றால், தவறு யாருடையது என்று அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்?” நேரம் இருந்தால், இவரே 1934-இல் எழுதிய ‘அகல்யை’ கதையை ஒரு வரியில் சொல்லலாம். அங்கே மன்னிப்போடு கதை முடிந்துவிடுகிறது.

ஸ்லைடு 5: இரண்டு பெண்கள் மட்டும்

(இரண்டு பேர் முன்னால் வந்து உரக்கப் படிக்க வேண்டும். ஒருவர் சீதை, ஒருவர் அகலிகை. நடிக்க வேண்டாம், படித்தால் போதும்.)

“அவர் கேட்டார்; நான் செய்தேன்.”
“உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா?”
“உலகம் எது?”

மூன்று கேள்விகள், மூன்று குழுக்கள். குழுவுக்கு ஏழு நிமிடம்.

குழு அ: தீயில் இறங்கிய விஷயத்தைச் சொல்லும்போது சீதை மெதுவாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து? இரண்டு விடையாவது கொண்டுவாருங்கள், ஒன்றுக்கொன்று முரணாக.

குழு ஆ: இந்த இடத்தில் அகலிகை மனசில் “கண்ணகி வெறி” ஆடியது என்று வருகிறது. வடநாட்டுக் காவியக் கதைக்குள் மதுரையைக் கொண்டுவந்து வைக்கிறார். கண்ணகியும் அரசவையில் சிலம்பை உடைத்து நிரூபித்தவள்தான். ஆனால் அவளிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை, அவளே போய்க் கேட்டாள். நிரூபிக்கச் சொல்லப்படுவதற்கும் நிரூபிக்கப் புறப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கதை எங்கே பயன்படுத்துகிறது?

குழு இ: “உலகம் எது?” இதற்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நாலாவது ஸ்லைடில் அந்தப் பதில் ஒரு வரியாகவும் வந்துவிட்டது. கண்டுபிடியுங்கள். இல்லை என்றால் மறுத்துக் காட்டுங்கள்.

*குறிப்பு:* வகுப்பின் பாதி நேரம் இங்கேதான். மற்ற ஸ்லைடுகள் சுருங்கினால் பரவாயில்லை.

ஸ்லைடு 6

ராமனும் சீதையும் விடைபெறும் நேரம். சீதை வெளியே வருகிறாள். அகலிகை வரவில்லை.

“காலில் படிந்த தூசி அவனைச் சுட்டது.”

கேள்வி: பலகையைப் பாருங்கள். கல்லைப் பெண்ணாக்கிய அதே தூசி. இப்போது யாருக்கு என்ன செய்கிறது? அகலிகை ஒரு வார்த்தையும் சொல்லாத இந்த இடத்தைத் தண்டனை என்று சொல்லலாமா?

*குறிப்பு:* பக்தியோடு படிக்கிறவர்கள் இங்கே புண்படலாம். அவர்களை முதலில் பேச விட வேண்டும். சுடுகிறது என்றால் ராமனுக்கும் உறைக்கிறது என்றுதானே பொருள் என்று ஒருவராவது சொல்வார். அது நல்ல வாசிப்பு, நான் எதிர்க்கப்போவதில்லை.

ஸ்லைடு 7: மீண்டும் கல்

கோதமன் அணைக்கிறான். அவள் கண்ணுக்கு அவன் கோதமனாக வேஷம் போட்டு வந்த இந்திரனாகத் தெரிகிறான். கைகளில் கிடப்பது சிலை. “மனச் சுமை மடிந்தது.”

கை தூக்குங்கள். முதல் முறை கல்லானது சாபம். இரண்டாம் முறை?

1. இன்னொரு சாபம்
2. நோய்
3. அவள் எடுத்த முடிவு
4. ஆசிரியர் அவளைக் கைவிட்டுவிட்டார்

என் கட்சி மூன்று. “மடிந்தது” என்ற சொல்லில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதைச் சோகமாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை. ஆனால் நாலாவதற்குக் கை தூக்குகிறவர்களிடம்தான் எனக்கு அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு பெண் பேசத் தொடங்கிய கதையில், அவளைக் கல்லாக்காமல் முடிக்க 1943-இல் வேறு வழியே இல்லையா?

ஸ்லைடு 8

கடைசியில் பனிப்பாலைவனத்தில் கைலையை நோக்கி ஒற்றை உருவம் போகிறது. கோதமன் துறவியாகிவிட்டான்.

எழுதுங்கள், ஐந்து நிமிடம்: அவன் எதைத் துறந்தான்? ஒரு பத்தி போதும். கதையிலிருந்து ஒரு வரியாவது மேற்கோளாக இருக்க வேண்டும்.

எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், தாளாகவே என்னிடம் கொடுங்கள். அடுத்த வாரம் விவாதத்தை நடத்துகிறவர்களுக்கு அதிலிருந்து மூன்று தாளைக் கொடுக்கிறேன், அவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.