நாளைக்கு ஏ.எல். எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு ஜெபம்

பிள்ளைகள், எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இதைப் பார்ப்பீர்கள் என்று தெரியும், உங்களுக்கும் என் அன்பான வணக்கமும் ஸலாமும். என்னுடைய வகுப்பில் நீங்கள் எல்லோரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்தானே. ஜெபம் வரும்போது உங்கள் வீட்டில் எப்படிக் கும்பிடுவீர்களோ, எப்படித் தொழுவீர்களோ, அப்படியே என்னோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

பின்னால் கேட்கும் சத்தம் மழை. எங்கள் வீட்டு ஓட்டில் பின்னேரம் தொடங்கியது, இன்னும் விடவில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

நாளை காலையில் உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நாலாம் தரம் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கண் எழுத்தில் இருக்கும், மனம் எங்கேயோ இருக்கும். புத்தகத்தை ஒரு பத்து நிமிடம் மூடுங்கள். உங்களுக்கு இன்று இரவு ஒரு கதை சொல்ல வேண்டும்.

வேதத்தில் எலியா என்று ஒரு தீர்க்கதரிசி. முதல் நாள் பெரிய வெற்றி பெற்றவர். அடுத்த நாள் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்குள் ஓடுகிறார். ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச்செடிக்குக் கீழே விழுந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அப்படியே நித்திரையாகிப் போகிறார். கடவுள் என்ன செய்தார் தெரியுமா? புத்தி சொல்லவில்லை. "நேற்று அவ்வளவு செய்தாயே, இன்றைக்கு ஏன் இப்படி" என்று கேட்கவில்லை. ஒரு தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுடச்சுட ஒரு ரொட்டியும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்து, சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துவிட்டார். தூதன் அவரை ஏசவில்லை. படுக்க விட்டு, இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார். சாப்பிடு, நீ போகவேண்டிய வழி நீளம் என்றார். அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் எலியா நாற்பது நாள் நடந்தார்.

இந்த இடத்தை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குக் கண் கலங்கும். பேசவேண்டியதை எல்லாம் கடவுள் பிறகு பேசினார். முதலில் சாப்பாடு, முதலில் நித்திரை.

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பரீட்சை மண்டபங்களில் நோக்குனராக நின்றிருக்கிறேன். ஒரு வருடம், இரசாயனவியல் இரண்டாம் பகுதி. வாசிக்கக் கொடுக்கும் பத்து நிமிடம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு மகள் மட்டும் எழுதவில்லை. சுட்டெண்ணை எழுதியிருந்தாள், அவ்வளவுதான். பேனை மூடியைக் கழற்றுகிறாள், பூட்டுகிறாள், கழற்றுகிறாள். விரல் நடுங்குகிறது. இருபது நிமிடம் அப்படியே போனது. வினாத்தாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டினாள். குடித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு நிமிசம் தலையச் சாய்ச்சுக்கொள்ளட்டா?" சாய்த்துக்கொள் மகள் என்றேன். மேசையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு எழும்பி மூன்றாம் கேள்வியில் இருந்து தொடங்கி, மணி அடிக்கும் வரை குனிந்த தலை நிமிரவில்லை. விடைத்தாள்களை நூலில் கட்டும்போதுதான் சொன்னாள், முதல் நாள் இரவு முழுக்கப் படுக்கவில்லையாம், காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்தாளாம்.

அவளுக்கு என்ன பெறுபேறு வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குள் எல்லாம் இருந்தது, வெளியே வர வழி இல்லாமல் இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருடம் படித்தது ஒரே இரவில் கூடிவிடாது பிள்ளைகள். ஆனால் நித்திரை இல்லாத ஒரே இரவு, படித்ததை எல்லாம் பூட்டி வைத்துவிடும்.

என்னுடையதையும் சொல்கிறேன். நான் படுவான்கரைப் பிள்ளை. 1992 இல் ஏ.எல். எழுதினேன். எங்கள் ஊரில் அப்போது கரண்ட் இல்லை, குப்பி விளக்கில் படிப்பு, மூக்குக்குள் எல்லாம் கரி. பெறுபேறு வந்தது, இரசாயனவியலில் எஃப். பாடசாலையில் இருந்து வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. படலையைத் திறந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தா. ஒன்றும் கேட்கவில்லை. "வா மனே, சோத்தத் தின்னு" என்றா. கீரைக் கறியும் மீன் சொதியும். அழுதுகொண்டே தின்றேன். அம்மாவுக்கு எலியா யாரென்று தெரியாது, அவ பள்ளிக்கூடம் போனதில்லை. அடுத்த முறை அதே பாடத்தை எழுதிப் பாஸ் பண்ணினேன், அதே பாடத்தைத்தான் இன்றைக்கும் படிப்பிக்கிறேன்.

பெற்றோரே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒன்று. நாளைக்குப் பிள்ளை மண்டபத்தில் இருந்து வந்ததும் "எப்படிச் செய்தாய், அந்தக் கணக்கு வந்ததா" என்று வாசலிலேயே பிடிக்க வேண்டாம். முடிந்த வினாத்தாளை மூலையில் போடுங்கள். சோறு போடுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரை இந்த ஒரு மாதத்துக்கு எடுக்காமல் இருங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்புறம் மழை. இதைச் சொல்லாமல் போக முடியாது. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து பரீட்சையை இடையில் நிறுத்தி, டிசம்பரில்தான் மிச்சத்தை வைத்தார்கள். 2025 இல் டித்வா புயல், மிச்சப் பாடங்கள் தை மாதம் வரை போயின. அந்த 2024 மழையில்தான் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு மத்ரசாப் பிள்ளைகள் அள்ளுண்டு போனார்கள். அந்த வீடுகளை நினைக்காமல் என்னால் ஒரு மாரியையும் கடக்க முடியவில்லை. ஆகவே தண்ணீர் குறுக்கே ஓடும் வீதியில் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள், இறங்காதீர்கள். அதிபருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 இல் அழையுங்கள், பரீட்சைத் திணைக்களத்துக்கு 1911. ஒரு வினாத்தாளை அடுத்த வருடமும் எழுதலாம்.

அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, இவற்றை இப்போதே ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். போன் வீட்டில் இருக்கட்டும். மண்டபத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்விடுங்கள். மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதைப் படகில் வரும் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் முந்திப் புறப்படுங்கள், காற்று இருந்தால் பாதை பிந்தும்.

இன்னும் ஒன்று. எலியா சொன்ன அந்தப் "போதும்" உங்களில் யாருக்காவது இந்த நாட்களில் மனதில் வந்தால், அதைத் தனியே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அம்மாவிடம், அக்காவிடம், டீச்சரிடம், யாரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், கேட்க ஆள் இருக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னதற்காகக் கடவுள் எலியாவைத் தள்ளிவிடவில்லை.

இப்போது ஜெபிப்போம். கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம்.

அன்பின் பரலோக பிதாவே, இந்த மழை இரவில் உம்முடைய சமூகத்தில் வருகிறோம். நாளைக்கு எழுதப்போகும் எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.

எலியாவுக்கு நித்திரையும் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்த ஆண்டவரே, இன்றிரவு இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல நித்திரையைத் தாரும். மூளை ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையை நீரே தலையைத் தடவிப் படுக்க வையும். காலையில் சாப்பாடு இறங்காத பிள்ளைக்கு ஒரு இடியப்பமாவது இறங்கச் செய்யும்.

படிக்காததை எழுத வையும் என்று நாங்கள் கேட்கவில்லை. படித்தது கைக்கு வரட்டும் ஆண்டவரே. வினாத்தாளைத் திறக்கும்போது நெஞ்சு அடித்தால், அந்தப் பத்து நிமிடத்தில் நீர் பக்கத்தில் நில்லும். தெரியாத கேள்வி முதலில் வந்தால், தெரிந்த கேள்விக்குக் கண்ணைத் திருப்பிவிடும். விடையை மாறிப் போட்டுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து அழும் பிள்ளைக்கு, அடுத்த நாளுக்கான தைரியத்தைத் தாரும்.

பாதை ஏறி வரும் பிள்ளைகளுக்காக, வாகரையிலும் பொத்துவிலிலும் விடியமுதல் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம். தண்ணீரை அடக்கி வையும். குவைத்திலும் சவூதியிலும் வேறொருவர் வீட்டுச் சமையலறையில் நின்று, இந்த நேரம் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்காக ஜெபிக்கிறோம். நாளைக்கு அந்தப் பிள்ளையின் நெற்றியில் முத்தமிட அவ இங்கே இல்லை, நீர் இரும். வயல்வாடியில் காவல் கிடக்கும் தகப்பன்மாரை நினைத்தருளும். தாயும் தகப்பனும் இல்லாமல் அம்மம்மாவின் கையில் வளர்ந்த பிள்ளைகளை விசேஷமாக உம்மிடம் தருகிறோம்.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதும் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் போக விடாதேயும். நீர் எலியாவையும் இரண்டு தரம் எழுப்பினீரே.

மண்டபத்தில் கடமை செய்யும் எங்களுக்கும் கண்ணையும் காதையும் இரக்கத்தையும் தாரும், தண்ணீர் தேவைப்படும் பிள்ளையை நாங்கள் காணாமல் விடக்கூடாது.

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

சரி பிள்ளைகள், இப்போது மணி ஒன்பதே கால். சாப்பிடாதவர்கள் போய்ச் சாப்பிடுங்கள், சாப்பிட்டவர்கள் லைட்டை அணைத்துவிட்டுப் படுங்கள். நாளைக்கு வாசலில் நிற்பேன்.