ஒத்தமைச் சிக்கல்: ஓர் அட்டவணை, நான்கு வண்ணங்கள்
புதிய ஏற்பாட்டு அறிமுகம், முதலாம் ஆண்டு, மூன்றாம் வகுப்புக்கான தாள்

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒரே பார்வையில் படிக்கலாம். அதனால்தான் இவற்றுக்கு ஒத்தமை நற்செய்திகள் என்று பெயர். யோவானை அப்படி வைக்க முடியாது. மூன்றும் இவ்வளவு ஒத்துப்போவது ஏன், ஒத்துப்போகிறவை இடையிடையே விலகுவது ஏன் என்ற இரட்டைக் கேள்விதான் ஒத்தமைச் சிக்கல். பாதி மாணவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். விடை இருப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

கோட்பாடுகளின் பெயர்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் அட்டவணை. முடக்குவாதக்காரர் குணமாகும் நிகழ்ச்சியை எடுத்திருக்கிறோம். கீழே உள்ளது கிரேக்கத்தின் சொல்லமைப்பை ஒட்டி, இந்த வகுப்புக்காக எழுதிய சுருக்கம்.

| | மத்தேயு 9:1-8 | மாற்கு 2:1-12 | லூக்கா 5:17-26 |
|---|---|---|---|
| 1 | தம் சொந்த நகர் | கப்பர்நாகூம், வீட்டில் | ஊர்ப்பெயர் இல்லை |
| 2 | (கூரை இல்லை) | கூரையைப் பிரித்துத் தோண்டி இறக்கினர் | ஓடுகளின் வழியே இறக்கினர் |
| 3 | அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு | அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு | அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு |
| 4 | துணிவுகொள், மகனே | மகனே | மனிதா |
| 5 | (இல்லை) | கடவுள் ஒருவரன்றிப் பாவங்களை மன்னிக்க யாரால் முடியும்? | கடவுள் ஒருவரன்றிப் பாவங்களை மன்னிக்க யாரால் முடியும்? |
| 6 | நீங்கள் அறியும்படி – அப்போது முடக்குவாதக்காரரிடம் சொல்கிறார் – எழுந்து | நீங்கள் அறியும்படி – முடக்குவாதக்காரரிடம் சொல்கிறார் – உனக்குச் சொல்கிறேன், எழு | நீங்கள் அறியும்படி – முடக்குவாதக்காரரிடம் சொன்னார் – உனக்குச் சொல்கிறேன், எழு |
| 7 | தன் வீட்டுக்குப் போனான் | எல்லார் முன்னும் வெளியே போனான் | தன் வீட்டுக்குப் போனான் |

நான்கு வண்ணப் பென்சில்கள் போதும். மூன்றிலும் இருப்பது சிவப்பு. மத்தேயுவும் மாற்கும் மட்டும் என்றால் நீலம். மாற்கும் லூக்காவும் மட்டும் என்றால் பச்சை. மத்தேயுவும் லூக்காவும் மட்டும் என்றால் மஞ்சள். ஒருவரிடம் மட்டும் இருப்பதை அப்படியே விடுங்கள். சிவப்பை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் தீட்டினால், மூன்றுக்கும் பொதுவானதை நீலமாக்கிவிட்டுப் பிறகு அழிக்க வேண்டிவரும்.

வழக்கமாக நடக்கும் தவறு, வேதாகமத்தைத் திறந்து தமிழ் வசனங்களிலேயே வண்ணம் தீட்டுவது. ஒரே கிரேக்கச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் தரலாம். வெவ்வேறு சொற்களை ஒன்றாக்கியும் விடலாம். ஆறாம் வரிசையே சாட்சி. கிரேக்கத்தில் 'நீங்கள் அறியும்படி' என்று தொடங்கும் வாக்கியம் முடியவே இல்லை. நடுவில் உடைந்து, கதைசொல்லியின் குரல் நுழைகிறது. தமிழில் இந்த முறிவு கரடுமுரடாக ஒலிக்கும் என்பதால் 'நீங்கள் அறியவேண்டும் என்று சொல்லி' என்பதுபோல முடித்துச் செப்பனிட்டுவிடுகிறார்கள். வாசிப்புக்கு நல்லதுதான்; ஆனால் நமக்கு வேண்டிய தடயம் அங்கே மறைந்துபோகிறது.

அந்த வரிசையில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். இயேசுவின் சொற்களை மூன்று பேர் நினைவில் வைத்து ஒரே மாதிரி சொல்ல முடியும். ஆனால் வாக்கியம் ஒரே இடத்தில் முறிவதும், அதே இடத்தில் அதே இடைக்குறிப்பு வருவதும் தற்செயலாகவோ வெறும் நினைவாலோ நிகழ்வது மிக அரிது. மாற்கு 13:14-இலும் மத்தேயு 24:15-இலும் வரும் 'வாசிப்பவர் புரிந்துகொள்ளட்டும்' என்பது இதைவிடக் கூர்மையானது: வாசிப்பவரை நோக்கிய குறிப்பு எழுத்தில்தான் பிறக்கும். ஆக, யாரோ ஒருவர் மற்றொருவரின் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். லூக்காவும் தமக்கு முன் பலர் எழுத முயன்றதாகத் தம் முன்னுரையிலேயே சொல்கிறார். அட்டவணை உறுதியாகத் தருவது இதுவரைதான். யாரைப் பார்த்து யார் எழுதினார் என்பது வண்ணத்தில் தெரியாது. அதற்கு வாதம் வேண்டும்.

இரண்டு, மூன்றாம் வரிசைகளைச் சேர்த்துப் படியுங்கள். மாற்கில் கூரையைப் பிரித்தவர்களின் முயற்சியைக் கண்டுதான் இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார். மத்தேயுவில் கூரை இல்லை. கட்டிலோடு கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான். 'நம்பிக்கையைக் கண்டு' மட்டும் அப்படியே நிற்கிறது. நீண்ட கதையைச் சுருக்கியவர் காரணத்தை விட்டுவிட்டு விளைவை வைத்துக்கொண்டார் என்றால் இது எளிதில் விளங்கும். இதே போன்ற இன்னோர் இடம்: மாற்கு 6:14 ஏரோதை அரசன் என்கிறது. மத்தேயு 14:1 குறுநில மன்னன் என்று சரியான பட்டத்தைத் தருகிறது. ஆனால் 14:9-இல் மாற்கின் 'அரசன்' திரும்ப வந்துவிடுகிறான். திருத்தத் தொடங்கியவர் பாதி வழியில் அசந்துவிட்டார். மாற்கே முந்தியது என்பதற்கு இத்தகைய இடங்கள் நல்ல ஆதாரம்.

மாற்கின் உள்ளடக்கத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் உண்டு, பாதிக்குச் சற்று மேல் லூக்காவில் உண்டு. இதைத் தனி ஆதாரமாகத் தேர்வில் எழுதாதீர்கள். மாற்குதான் மற்ற இரண்டையும் சுருக்கினார் என்றாலும் இதே கணக்குத்தான் வரும்.

இன்னொரு தொகுதியும் உண்டு: மாற்கில் இல்லாமல் மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் இருக்கும் 200-க்கு மேற்பட்ட வசனங்கள். 'விரியன் பாம்புக் குட்டிகளே' என்று தொடங்கும் திருமுழுக்கு யோவானின் பேச்சை (மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9) கிரேக்கத்தில் ஒப்பிட்டால் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்று. கனி ஒருமையா பன்மையா, 'எண்ணாதீர்கள்' என்பதா 'சொல்லத் தொடங்காதீர்கள்' என்பதா என்ற அளவில்தான் வேறுபாடு. கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள்: மத்தேயுவில் பரிசேயரும் சதுசேயரும், லூக்காவில் மக்கள் கூட்டம். மாற்கைத் தவிர, இருவருக்கும் பொதுவான, இன்று கிடைக்காத இன்னொரு மூலமும் இருந்தது என்பது இரு மூலக் கோட்பாடு. அந்த இன்னொரு மூலத்துக்குக் க்யூ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ஊற்று என்று பொருள்படும் சொல்லின் முதல் எழுத்து. க்யூவின் கையெழுத்துப் படி ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. மாற்கையும் மத்தேயுவையும் லூக்காவே படித்திருந்தால் க்யூ எதற்கு என்று 1955-இல் ஆங்கிலேய அறிஞர் ஃபாரர் கேட்டார். மத்தேயு முதல், லூக்கா அடுத்து, மாற்கு கடைசி என்பது ஜெர்மன் அறிஞர் கிரீஸ்பாக்கின் நிலைப்பாடு.

இப்போது ஏழாம் வரிசையின் மஞ்சளுக்கு வாருங்கள். மத்தேயுவும் லூக்காவும் ஒருவரையொருவர் அறியாமல் மாற்கைப் பயன்படுத்தினார்கள் என்றால் இந்த மஞ்சள் வந்திருக்கக் கூடாது. க்யூவை ஏற்பவர்கள் சொல்லும் பதில்: 'உன் வீட்டுக்குப் போ' என்ற கட்டளை மூன்றிலும் இருக்கிறது, அதைக் கொண்டே இருவரும் தனித்தனியாகக் கதையை முடித்திருக்கலாம். இந்த வரிசைக்கு அது பொருந்துகிறது. மாற்கு 14:65-க்கு இணையான இடத்தில் 'உன்னை அடித்தவன் யார்?' என்று இருவரும் சேர்க்கிறார்களே (மத்தேயு 26:68, லூக்கா 22:64), அங்கே அந்தப் பதில் திணறுகிறது.

அடுத்த வகுப்புக்கு: மாற்கு 1:32 'மாலையானபோது, கதிரவன் மறைந்தபின்' என்கிறது. மத்தேயு 8:16 மாலையை மட்டும் வைத்திருக்கிறது, லூக்கா 4:40 கதிரவனை மட்டும். மூன்று கட்டம் கொண்ட அட்டவணையாக எழுதி, கீழே இரண்டு பத்திகள் எழுதுங்கள். முதல் பத்தியில் மாற்கு முந்தியவர் என்று வைத்து விளக்குங்கள். இரண்டாவதில் மாற்கு கடைசியாக வந்து இருவரையும் சேர்த்தார் என்று வைத்து விளக்குங்கள். இரண்டும் ஒரே அளவு வலுவாக இருக்க வேண்டும். எது சரி என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.