பின்கட்டுச் சுவர் விரிசல்: ஆய்வறிக்கை

இடம்: குயின் ஸ்திரீட் வட்டாரக் கடைவீடு, ஜார்ஜ்டவுன், பினாங்கு.
கேட்டவர்: கட்டட உரிமையாளர்.
கேள்வி: பக்கத்து மனையில் அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் இறக்கிய பைலிங் வேலைதான் விரிசலுக்குக் காரணமா?

1. நேரில் கண்டவை

சுவர் 230 மி.மீ. தடிமன், செங்கல், சுண்ணாம்புச் சாந்து. விரிசல் தரையிலிருந்து படிப்படியாகச் சாந்து இணைப்புகள் வழியே பின்மூலையை நோக்கி ஏறுகிறது. அகலம் அடியில் 0.8 மி.மீ., உச்சியில் 4.5 மி.மீ. உள்ளே, வெளியே இரு புறமும் தெரிகிறது.

விரிசலின் கீழ்ப்பகுதியில், பிளவுக்குள்ளேயே இரண்டு பூச்சுப் பெயின்ட் இறங்கியிருக்கிறது. மேலே சுமார் 900 மி.மீ. நீளத்துக்கு விளிம்புகள் கூர்மை. பெயின்டும் இல்லை, அழுக்கும் இல்லை. நடுவில் யாரோ சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். அதை ஒட்டியே புதுப் பிளவு ஓடுகிறது.

ஒரே செங்கல் வரிசையை அளந்ததில் பின்மூலை 14 மி.மீ. தாழ்ந்துள்ளது. மூலையில் தோண்டிய குழியில் அடித்தளம் 600 மி.மீ. ஆழத்தில் முடிகிறது; கீழே சாம்பல் நிறச் சேறு, தண்ணீர். குளியலறை வடிகாலில் ஊற்றிய பச்சைச் சாயம் அரை மணி நேரத்துக்குள் அந்தக் குழியில் வந்தது. விரிசலின் அசைவை அளக்க ஒட்டிய அளவுப் பட்டைகள் பத்து வாரத்தில் 0.1 மி.மீ. அசைவு காட்டின. பட்டையில் படிக்கக்கூடிய நுட்பமே அவ்வளவுதான்.

2. பிறர் சொன்னவை (நான் சரிபார்க்கவில்லை)

கடைசியாகப் பெயின்ட் அடித்தது 2021 தீபாவளிக்கு முன். பைலிங் தொடங்கியது 2024 ஜூன். "அதுக்கு முன்ன ஒரு கீறல்கூட இல்ல" என்கிறார் உரிமையாளர். அதிர்வு அளவீட்டுப் பதிவுகள் எதுவும் என்னிடம் தரப்படவில்லை.

3. என் கருத்து

கீழ்ப்பகுதி பழையது. உள்ளே பெயின்ட் இறங்க வேண்டுமானால் அடிக்கும்போதே பிளவு இருந்திருக்க வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. உரிமையாளரின் நினைவோடு இது ஒத்துப்போகவில்லை.

மேல்பகுதி கடைசிப் பெயின்டுக்குப் பிந்தியது. பைலிங்குக்கு முன்னா பின்னா என்பதைச் சுவர் சொல்லாது.

பின்மூலை இறங்கியதே காரணம் என்பது மிகவும் சாத்தியம்: விரிசலின் சாய்வும், மேலே விரியும் அகலமும் அதற்குப் பொருந்துகின்றன. 14 மி.மீ.யை மட்டும் வைத்து இதைச் சொல்லமாட்டேன். பழைய கொத்தனார் வரிசையையே சரிவாக வைத்திருக்கலாம். மூலை இறங்கியதற்குக் கசியும் வடிகால் முக்கியக் காரணமாக இருக்கலாம். சாயச் சோதனை கசிவை நிரூபிக்கிறது, இறக்கத்தை அல்ல.

பைலிங் அதிர்வு மேல்பகுதியை நீட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆதாரம் இல்லாததால் உறுதிப்படுத்தவும் மறுக்கவும் இயலவில்லை. அதிர்வுப் பதிவு கிடைத்தால் இந்தப் பத்தியை மாற்றி எழுத நான் தயார்.

4. செய்ய வேண்டியவை

முதலில் வடிகால் குழாயை மாற்றவும். பிறகு ஆறு மாதம் பட்டைகளைப் படிக்கவும். அசைவு இல்லையெனில் சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவும். இடையில் அகலம் 1 மி.மீ. கூடினால் உடனே அழைக்கவும்.

இழப்பீட்டுக் கோரிக்கையில் இதைச் சேர்ப்பதானால் நான்கு பகுதிகளையும் சேர்த்தே கொடுக்கவும். 3ஆம் பகுதியின் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவதற்கு என் ஒப்புதல் இல்லை.