ராஜம் பாட்டி சொல்ல எழுதிய இரங்கல் கடிதம்

பெரம்பூர், சென்னை
18.10.2024

அலமேலு அத்தைக்கு,

கவிதா எழுதுகிறேன். பாட்டிக்கு வலது கை இன்னும் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், வார்த்தையை மாற்றவில்லை. இனி பாட்டி பேசுவது.

அலமேலு, நான்தாம்மா ராஜம் அக்கா. பிள்ளையார் சுழி போடாதேன்னு கவிதாகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். உன் வீட்டுக்காரர் போயிட்டார்னு ஞாயித்துக்கிழமை உன் மருமக போன்ல சொன்னப்போ எனக்குப் பேச்சே வரல, வச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதேம்மா. இடுப்பு முறிஞ்ச நாள்லேர்ந்து வாசப்படி தாண்டல. இல்லேன்னா ராத்திரியே கும்பகோணம் பஸ் ஏறியிருப்பேன். உன்னைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியவ இங்க கட்டில்ல கெடக்கேன்.

தம்பி எனக்குக் கூடப் பொறந்தவர் மாதிரின்னு சும்மா சொல்லல. ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ்ல தண்ணி லாரி வந்தா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்த மனுஷன் சட்டைகூட மாத்தாம வரிசைல நிப்பார். என் ரெண்டு குடம் நெறஞ்ச பிறகுதான் உங்க குடத்தை நகத்துவார். "அக்கா வீட்ல கைக்குழந்தை இருக்கு"ம்பார். அந்தக் குழந்தைதான் கவிதாவோட அப்பன். அதை நான் மறந்தா எனக்குச் சோறு இறங்காது.

அழு, யார் வேண்டாம்னாலும் அழு. ஆனா வேளைக்கு ரெண்டு வாய் கஞ்சியாவது குடி, சுகர் மாத்திரையை வெறும் வயித்துல போடாதே.

இப்ப இதைச் சொல்றேனேன்னு நெனைக்காதே, எங்க வீட்டுக்காரர் போனப்போ எனக்குச் சொல்ல ஆளில்ல. இறப்பை 21 நாளைக்குள்ள பதியணும். தீபாவளி 31-ஆம் தேதி வருது, ஆபீஸ் லீவு விடறதுக்குள்ள பையனைப் போகச் சொல்லு. சான்றிதழ் பத்து காப்பியாவது எடுத்து வை. தம்பியோட பென்ஷன் ஆர்டர் பி.பி.ஓ., உன் ஆதார், பாஸ்புக் மூணுலயும் உன் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு பாரு. எனக்கு ஒண்ணுல ராஜம், ஒண்ணுல ராஜம்மாள்னு இருந்து குடும்ப பென்ஷன் நாலு மாசம் இழுத்துச்சு. ஜாயிண்ட் அக்கவுண்டை யார் சொன்னாலும் மூடிடாதே, பென்ஷன் அதுலயே வரும். பணம் உன் பேர்லயே இருக்கட்டும். பிள்ளைங்க நல்லவங்கதான், இருந்தாலும் இருக்கட்டும்.

தீபாவளி இல்லேன்னு சின்னதுங்க முகம் வாடும். புதுத்துணி எடுத்துக் குடுத்துடு. தம்பி இருந்தா அதைத்தான் சொல்வார்.

பதினாறாம் நாளுக்குக் கவிதாவோட அப்பன் வருவான். அவன்கிட்ட ரெண்டாயிரம் ரூபா குடுத்து விடறேன், தம்பி பேர்ல நாலு பேருக்குச் சாப்பாடு போடு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல போன் பண்ணு. பேச வரலேன்னா பேசாம இரு, நான் லைன்ல இருக்கேன்.

உன் அக்கா
ராஜம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

அத்தை, முழுவதும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். "பேரப்பிள்ளைகள்" என்று எழுதியிருந்தேன், "சின்னதுங்கன்னுதானே சொன்னேன்" என்று திருத்தச் சொன்னார். — கவிதா