நிச்சயதார்த்தச் சீலையைப் பற்றி அம்மாவுக்கு

வெள்ளவத்தை
சித்திரை, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன். ரெலிபோன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பியள். நிச்சயத்துக்குச் சிவப்பை விட்டு லைற் கலர்ச் சீலை எண்டு கதை தொடங்கினால் நீங்கள் "உனக்கு விருப்பமானதைச் செய்" எண்டுபோட்டு போனை அப்பாட்டக் குடுக்கிறியள். அப்பா மழையைப் பற்றிக் கதைக்கிறார். அதோட வட்ஸ்அப்பில படம் அனுப்பினால் நிறம் சரியாய் வருகுதில்லை. அதுதான் இரவு பஸ்ஸில வாற தம்பியின்ர சிநேகிதனிட்ட இதைக் குடுத்து விடுறன். உள்ளுக்கு ஒரு சின்னக் கடதாசியில மடிச்சு ரெண்டு நூல் வைச்சிருக்கிறன். தவற விட்டிடாதேங்கோ.

காலி வீதிக் கடையில நான் பாத்து வைச்ச சீலையின்ர நூல் அது. தலைப்புக் குஞ்சத்தில இருந்து கடைப் பெடியன் வெட்டித் தந்தவன். ரோஸ் நூல் உடம்பு, பச்சை நூல் கரை. ரியூப் லைற்றுக்குக் கீழ பாக்காதேங்கோ, எல்லாம் வெள்ளையாய்த்தான் தெரியும். விறாந்தையில காலமை வெளிச்சத்தில பாருங்கோ. நானும் கடையில அப்பிடித்தான் செய்தனான். சீலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிண்டு பாத்தனான். முதலாளிக்குப் பிடிக்கேல்லை, ஆனால் ஒண்டும் சொல்லேல்லை.

நீங்கள் பயப்பிடுற மாதிரி இது வெள்ளைச் சீலை இல்லையம்மா. தாமரை இதழின்ர அடிப்பக்கம் இருக்குமே, அந்த ரோஸ். கரை பிஸ்தாப் பச்சை, நாலு விரல் அகலம். சரிகை பளீரெண்ட மஞ்சள் இல்லை, கொஞ்சம் வெள்ளி கலந்த மாதிரி. காஞ்சிபுரம்தான். உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறமாய் மூண்டு ஓடம் போட்டுக் கோர்த்து நெய்தது. உள்பக்கம் திருப்பிப் பாத்தனான், கோர்வை போற இடத்தில ஒரு பிசிறு இல்லை. அரக்குச் சீலையில நெசவு கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருந்தாலும் நிறம் மூடிப்போடும். லைற் கலரில ஒளிக்க ஏலாது. விலை 58,000 ரூபா. நீங்கள் எனக்கு எண்டு ஒதுக்கி வைச்ச காசில அரைவாசிதான் போகும்.

இனி உங்கட கதைக்கு வாறன். நீங்கள் ஏன் சிவப்பு சிவப்பு எண்டு நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். 94இல உங்களுக்கும் அப்பாவுக்கும் பேசி முடிச்ச நாளில கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, கடையில நல்ல சீலை இல்லை. கிளாலியால வந்து சேருற சாமானுக்கு யானை விலை. சின்னம்மாவின்ர பழைய சிவப்புச் சீலையை வாங்கிக் கட்டிக்கொண்டு ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில இருந்தனீங்கள், படம் கூட எடுக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள். "எனக்குக் கிடைக்கேல்லை, என்ர பிள்ளைக்கெண்டாலும் நல்ல சிவப்புக் காஞ்சிபுரம் எடுக்கோணும்" எண்டு நீங்கள் மாமிக்குச் சொன்னதை நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். அதுக்குப் பிறகு வேற நிறம் கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஒரு கிழமையாய்ப் பேசாமல் இருந்தது அதாலதான், கோபத்தில இல்லை.

ஆனால் அம்மா, சிவப்பு எனக்கு வரத்தானே போகுது. ஆவணியில கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கூறை கொண்டு வருவினம். மணவறையில இருந்து எழும்பிப் போய் கூறை மாத்திக்கொண்டு வந்துதான் தாலிக்கு இருக்கப் போறன். அது அரக்குச் சிவப்பாய்த்தான் இருக்கோணும் எண்டு நானே மாமியிட்டச் சொல்லிப்போட்டன். அதில எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. 95 ஐப்பசியில முழு வலிகாமமும் சாவகச்சேரிப் பக்கம் நடக்கேக்க நீங்கள் அலுமாரியில மிச்சம் எல்லாத்தையும் விட்டிட்டுக் கூறையையும் தாலிக்கொடியையும் மட்டும் பையுக்குள்ள வைச்சுக் கொண்டு போனனீங்கள். அந்தச் சிவப்புக்கு அவ்வளவு பெறுமதி. அதை மூண்டு மாதத்துக்கு முந்தியே இன்னொரு சிவப்பைக் கட்டி நான் ஏன் பழசாக்கோணும்? கூறையோட நான் வெளியில வரேக்க சனம் முதல் தரம் என்னைச் சிவப்பில பாக்கோணும். நிச்சயத்துக்கும் அரக்கு, கலியாணத்துக்கும் அரக்கு எண்டால் ஆல்பத்தில எது எந்த நாள் எண்டு எனக்கே தெரியாமல் போகும். பெரியம்மாவின்ர மகளுக்கு அப்பிடித்தான் நடந்தது, ஆளின்ர மூக்குத்தியைப் பாத்துத்தான் பிரிச்சறியிறம்.

அடுத்தது அம்மம்மாவின்ர அட்டியல். அதைத்தான் போடுறது எண்டு நீங்களும் நானும் எப்பவோ முடிவு செய்தாச்சு. அது முழுக்கச் சிவப்புக் கல். என்ர சாமத்திய வீட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கோ. அரக்குச் சீலைக்கு மேல அதே அட்டியல் கிடக்குது, ஆனால் கிடக்குது எண்டு சொன்னால்தான் தெரியும். கல்லெல்லாம் சீலையோட போயிட்டுது, நடுவில தங்கக் கம்பி மட்டும் மினுங்குது. இளம் ரோஸுக்கு மேல அந்தக் கல்லு ஒவ்வொண்டும் தனித்தனியாய் எடுபடும். மாமி வீட்டுச் சனம் என்ர சீலை என்ன விலை எண்டு கணக்குப் பாக்கிறதை விட, அம்மம்மாவின்ர அட்டியலைப் பாத்து "இது ஆற்ற வேலை" எண்டு கேக்கிறதுதான் எனக்கு விருப்பம். நீங்களும் அந்தக் கதையைச் சொல்லச் சந்தோசப்படுவியள்.

"நீ மாநிறம், லைற் கலர் கட்டினால் கறுப்பாய்த் தெரிவாய்" எண்டு சின்னம்மா சொன்னவாவாம். அம்மா, நான் எதைக் கட்டினாலும் இந்த நிறம்தான். அண்டைக்கு வாற எல்லாரும் என்னை முன்ன பின்ன பாத்த ஆக்கள்தான், சீலையால ஆரை ஏமாத்திறது? சரி, அது நியாயம் இல்லையெண்டால் இன்னொரு நியாயம் சொல்லுறன். கடையில அரக்கையும் லைற் கலருகளையும் மாறி மாறித் தோளில போட்டுப் பாத்தனான். சாம்பல் கலந்த மாதிரி வெளிறின ஊதாவும் நீலமும் எனக்குச் சரிவரேல்லை, முகம் செத்துப்போச்சு. அதுகளை நானே தள்ளி வைச்சிட்டன். இந்த ரோஸில மஞ்சள் கொஞ்சம் கலந்திருக்கு, அதால முகத்துக்குப் பொருந்துது. லைற் கலர் எல்லாம் வடிவு எண்டு நான் சொல்ல வரேல்லை.

கனடா மச்சாளவையின்ர படங்களைப் பாத்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது எண்டு நீங்கள் சொல்லுறது அரைவாசி உண்மைதான். வடிவாய் இருந்தது, ஆசை வந்தது. ஆனால் அவையள் ஏசி ஹோலுக்குள்ள. நான் வைகாசி வெயிலில, எங்கட முற்றத்துப் பந்தலுக்குக் கீழ, பத்து மணிக்கு எழுத்துத் தொடங்கி மத்தியானச் சாப்பாடு முடியிற வரைக்கும் இருக்கப் போறன். நீங்கள் பாத்த அந்தக் கனமான அரக்குச் சீலையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு நேரமும் இருந்தால் மோதிரம் மாத்த முந்தியே மேக்கப் வழிஞ்சு போகும். இது பாரம் குறைஞ்ச பட்டு.

ஒண்டில மட்டும் நீங்கள் சொல்லுறது சரி. எங்கட கோண்டாவில் செம்மண். சோளகம் அடிக்கிற மாதம். கீழ்க் கரை பட்டால் போச்சு, உரஞ்ச உரஞ்சப் பரவுமே தவிரப் போகாது. இதை நான் யோசிக்காமல் இல்லை. முற்றத்துக்கு முதல்நாள் பின்னேரமும் அண்டைக்கு விடியவும் தண்ணி தெளிக்கச் சொல்லித் தம்பியிட்டச் சொல்லுங்கோ. வாசல்படியில இருந்து பந்தல் வரைக்கும் கம்பளம் போட ஹோல்காரரிட்டக் கேக்கலாம், கதிரை எடுக்கிற இடத்திலயே இருக்கு. மிச்சத்துக்கு நான் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறன். பொம்பிளை அடக்கமாய் நடக்கிறாள் எண்டு நினைக்கட்டும்.

அபசகுனம் எண்டு பெரிய மாமி சொன்னதைப் பற்றி அதிகம் எழுத விரும்பேல்லை. அப்பம்மா அப்பப்பா போன பிறகு கட்டின வெள்ளையை நானும் பாத்து வளந்தனான். அந்த வெள்ளையை ஆர் ஏன் கட்டச் சொன்னது எண்டு கேக்கத் தொடங்கினால் இந்தக் கடிதம் வேற எங்கயோ போயிடும். இது ரோஸ், சரிகை இருக்கு, பச்சைக் கரை இருக்கு. தலையில மல்லிகைப்பூவும் கனகாம்பரமும் வைப்பன். பொட்டும் பெரிசாய் வைக்கிறன், போதுமே?

எனக்கு உண்மையாய் என்ன விருப்பம் எண்டால் அம்மா, கலியாணத்தண்டு நான் எல்லாருக்கும் பொம்பிளை. ஐயர் சொல்லுறதைச் செய்வன், கமராக்காரன் சொல்லுற பக்கம் திரும்புவன், கூறை, கொடி, மாலை எல்லாத்துக்கும் நடுவில முகம் தெரிஞ்சால் தெரியும். அதெல்லாம் எனக்குச் சந்தோசம்தான். நிச்சயத்தண்டு மட்டும் எங்கட வீட்டில, எங்கட ஆக்களோட, நான் நானாய் இருக்கோணும். வேலைக்குப் போற, பஸ்ஸில தொங்குற, நீங்கள் "விசரி" எண்டு பேசுற அதே ஆள் கொஞ்சம் வடிவாய் வெளிக்கிட்டு இருக்கிற மாதிரி. இந்தச் சீலையைத் தோளில போட்டுக் கண்ணாடியில பாத்தப்போ அப்பிடித்தான் இருந்தது. அரக்கைப் போட்டப்போ கலியாணப் பத்திரிகை மாதிரி இருந்தன்.

அதோட இதை நான் பிறகும் கட்டுவன். நல்லூர்த் தேருக்குக் கட்டலாம், சிநேகிதியளின்ர கலியாணத்துக்குக் கட்டலாம். உங்களுக்கும் இந்த ரோஸ் பொருந்தும், உங்களுக்குத் தேவைப்பட்டால் தருவன், ஆனால் திருப்பித் தரோணும்.

உங்கட ஆசையை நான் தட்டிக் கழிக்கேல்லை. மிச்சக் காசில நிச்சயத்துக்கு நீங்கள் ஒரு நல்ல சிவப்புக் காஞ்சிபுரம் எடுங்கோ. எனக்கு இல்லை, உங்களுக்கு. 94இல கட்டாததை இப்ப கட்டுங்கோ. என்ர பக்கத்தில நீங்கள் சிவப்போட நிண்டால் படமும் நல்லா வரும். அப்பாட்டக் கேட்டனான், அவர் "கொம்மா ஓமெண்டால் ஓம்" எண்டார். வழக்கமான பதில்தான், ஆனால் சிரிச்சவர்.

கடைக்காரர் சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கிறன் எண்டவர். வெள்ளி இரவு உங்களுக்குப் போன் எடுப்பன், அதுக்குள்ள நூலைப் பாத்து வையுங்கோ. ஓமெண்டால் செய்ய வேண்டியது ரெண்டு வேலை. கஸ்தூரியார் வீதியில வழமையாய்ப் போற தட்டாரிட்ட அட்டியலைக் குடுத்துக் கழுவி, பின்னால இளகிக் கிடக்கிற கொக்கியையும் பாக்கச் சொல்லுங்கோ. என்ர அளவுச் சட்டை அலுமாரியில மேல்தட்டில கிடக்கு, நீலம். அதைத் தம்பி வரேக்க குடுத்து விடுங்கோ, இஞ்ச தைக்கக் குடுக்கிறன். கை முழங்கை வரைக்கும்தான், அதில சண்டை இல்லை.

பெரிய மாமிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. அண்டைக்கே பாக்கட்டும்.

அன்புடன்,
உங்கட மூத்தவள்
தாரணி